தலைக்கு எவ்வளவு?

(குறுவள மையக் கூட்டத்தில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு எங்கள் குடும்பச் சுற்றுலாவுக்கு நான்தான் திட்டம் போட்டேன். ஒரே திட்டம், ஒரே தொகை. எல்லோரும் தலையாட்டினார்கள். புறப்பட நான்கு நாள் இருக்கும்போது, கணவனை இழந்த என் தம்பி மனைவி, "பிள்ளைகளுக்குப் பரீட்சை, நாங்கள் வரவில்லை" என்றார். பரீட்சை அல்ல, பணம்தான் காரணம் என்பது பிறகுதான் புரிந்தது. மூன்று பேர் குறைந்தாலும் வேன் வாடகை குறையவில்லை. மற்றவர்களின் பங்கு கூடியது, மனக்கசப்பும் கூடியது.

இந்த ஆண்டு மதுரையிலிருந்து இராமேசுவரம். பெரியவர்கள் 10, பிள்ளைகள் 4. ஒரே தாளில் இரண்டு திட்டங்களை எழுதினேன். ஒரு நாள் பயணத்துக்கு மொத்தம் 15,200 ரூபாய். ஆனால் 22 தீர்த்தங்களில் நீராடி, தனுஷ்கோடியும் பார்த்து அன்றே திரும்புவது அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. இரண்டு நாள் என்றால் 28,000 ரூபாய்.

அந்த 28,000-ஐ மூன்றாகப் பிரித்தேன். வேன் 14,000, அறைகள் 7,000, உணவு 7,000. நாங்கள் ஓடப்போவது சுமார் 400 கி.மீ.தான். ஆனால் வேன்காரர் நாளுக்குக் குறைந்தது 250 கி.மீ. கணக்கிடுவதால் 500 கி.மீ.க்குப் பணம் தர வேண்டும். இதையும் தாளில் எழுதினேன். ஆள் குறைந்தால் உணவுச் செலவு குறையும், வேன் செலவு குறையாது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெளிவாகும்.

அடுத்து, பங்கிடும் முறை. தலைக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 2,000. தம்பி மனைவிக்கும் இரு பிள்ளைகளுக்கும் 6,000. வேனையும் அறையையும் பெரியவர்கள் மட்டும் ஏற்று, உணவை எல்லோருக்கும் பிரித்தால் பெரியவருக்கு 2,600, பிள்ளைக்கு 500. அப்போது அவர் தருவது 3,600. நான்கு பெரியவர்கள் உள்ள அண்ணன் வீட்டுக்கு 8,000 என்பது 10,400 ஆகும். இந்த ஏற்றத்தையும் நான் மறைக்கவில்லை.

யாரையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து, விரும்பும் திட்டத்தையும் அதிகபட்சம் தர முடிந்த தொகையையும் பெயர் போடாமல் எழுதச் சொன்னேன். ஒரு சீட்டில் 4,000 என்று இருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார், தாளையும் பார்த்தார். "இரண்டாவது கணக்கையே வைத்துக்கொள்வோம்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. முன்பணம் கட்டும் நாளையும், அதன்பின் விலகினால் வேன் பங்கு திரும்பாது என்பதையும் அன்றே முடிவு செய்தோம்.

அதே தாளை, உறவுமுறைகளை நீக்கிவிட்டு, எட்டாம் வகுப்பில் கொடுத்தேன். "எந்தப் பங்கீடு நியாயம்?" என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒரு மாணவி எழுந்து, "சார், பிள்ளையும் வேனில் ஒரு சீட்டில்தானே உட்காருது?" என்றாள். சரியான கேள்வி. வகுத்தலுக்கு விடை ஒன்றுதான். எதை எதால் வகுப்பது என்பதைக் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.