பயிர் இன்ஷூரன்ஸும் ஒரு குடியானவரின் கணக்கும்
(வடக்கனந்தல் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)

சங்க அங்கத்தினர்களே,

இன்று நான் சொல்லவிருப்பது ஒரு சிறு கதை. கற்பனையே ஆயினும், கல்வராயன் மலையடிவாரத்தில் மானாவாரி மக்காச்சோளம் விதைக்கும் எவருக்கும் நேரக்கூடியதாகும்.

இரண்டு ஏக்கர் நிலமுள்ள குடியானவர் ஒருவர் பயிர் இன்ஷூரன்ஸ் விஷயமாகச் சங்கக் காரியதரிசியிடம் வந்தார். கணக்குக்காக, காப்புத் தொகை ரூ. 60,000 எனக் கொள்வோம். 2016-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டப்படி, காரீப் பருவத் தானியப் பயிருக்குக் குடியானவர் செலுத்துவது நூற்றுக்கு 2, அதாவது ரூ. 1,200.

"மூன்று வருஷமாக நன்றாக விளைந்தது. கட்டியிருந்தால் ரூ. 3,600 வீண்தானே?" என்றார் குடியானவர்.

"தங்கள் தகப்பனார் காலம் முதல் எண்ணிப் பாருங்கள். எத்தனை வருஷத்துக்கு ஒரு தரம் பயிர் முழுதும் பொய்த்தது?"

"பத்து வருஷத்துக்கு ஒரு தரம்."

"அப்படியானால் பத்து வருஷத்துக்கு ரூ. 60,000 நஷ்டம், வருஷத்துக்கு ரூ. 6,000. இதுவே நியாய விலை. தாங்கள் கொடுப்பது ரூ. 1,200 தான்; மீதிப் பிரீமியத்தைச் சர்க்கார் கொடுக்கிறது. அவ்வுதவியின்றி ரூ. 6,500 கேட்டால் என்ன செய்வீர்கள்?"

குடியானவர் யோசித்தார். "விளைந்த வருஷத்தில் ரூ. 6,500 போனால் புதுத் துணி குறையும். பொய்த்த வருஷத்தில் ரூ. 60,000 போனாலோ மாட்டை விற்க நேரும். மாடு போனால் மறு வருஷத்து உழவும் போம். ஆதலால் ரூ. 500 அதிகமானாலும் கொடுப்பேன். ரூ. 12,000 கேட்டால் கொடேன். அதைச் சேர்த்து வைத்தால் ஐந்தே வருஷத்தில் ரூ. 60,000 ஆகிவிடுமே!"

அங்கத்தினர்களே, அழிவுக்கு அஞ்சி நியாய விலைக்குச் சற்று மேல் கொடுப்பது விவேகம். எவ்வளவு மேல் என்பதற்கு எல்லை உண்டு.

இனி, குடியானவர் கேட்ட கடைசிக் கேள்வி: "என் காட்டில் மட்டும் படைப்புழு விழுந்தால்?" பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. நஷ்டத்தை ஒருவர் நிலத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது பிர்க்காவில் பயிர் அறுவடைச் சோதனை செய்து சராசரி காண்பார்கள். உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 20 குவிண்டால், கண்டது 12 என்றால், குறைவு 8. அது நூற்றுக்கு 40. ரூ. 60,000-க்கு ரூ. 24,000 வரும். ஆலங்கட்டி மழை, வெள்ளத் தேக்கம் முதலியவற்றுக்கு மட்டும் தனி நிலத்தைப் பார்ப்பார்கள். அதற்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும்.

ஊரெல்லாம் ஒருங்கே காயும் வறட்சியே தமக்குப் பெரிய ஆபத்து என்று கண்ட அக்குடியானவர், அடங்கலும் பாங்கிப் புஸ்தகமும் கொண்டுவந்து, கெடு தேதிக்கு முன்பே ரூ. 1,200 செலுத்தி ரசீது பெற்றுக்கொண்டார். தங்கள் தங்கள் நிலத்துக்கு ஏற்ற கணக்கை அவ்வாறே போட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.