மதுரைச் சூடு ராத்திரியிலதான் தெரியும்

(மாநகர் ஐ.டி. அணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம வாட்ஸ்அப் குரூப்புகள்ல ஒரு செயற்கைக்கோள் படம் சுத்துது. மதுரையைச் சுத்தியுள்ள மானாவாரிக் காடெல்லாம் கடுஞ்சிவப்பு; மாசி வீதிகளுக்குள்ள சிவப்பு கம்மி. உடனே "அப்போ ஊருக்குள்ளதான் குளிர்ச்சி"ன்னு ஒருத்தர் கமெண்ட் போட்டுட்டார்.

படம் பொய் இல்லை. ஆனா லேண்ட்சாட் நம்ம தலைக்கு மேல வர்றது காலை பத்தரை மணி வாக்கில். அது அளக்கிறது காத்தோட சூட்டை இல்லை. தரை, கூரையோட சூட்டை. காய்ஞ்ச வெறும் நிலம் அந்நேரமே கொதிச்சிரும். ஒடுக்கமான சந்துல அப்போ பாதி நிழல். வானிலை மையக் கணக்குலயும் கோடையில பல நாள் மதுரை நகரத்தை விட விமான நிலையத்துலதான் பகல் வெப்பம் கூடுதல்.

பொழுது சாஞ்சதும் கதை மாறுது. வெட்டவெளிக்கு மேல வானம் முழுசாத் திறந்திருக்கு, நிலம் சூட்டைச் சீக்கிரம் விட்டுரும். மாசி வீதிக்கு உள்ள இருக்கிற சந்துகள்ல சுவரோட சுவர் ஒட்டி வீடு. செங்கல்லும் கான்கிரீட்டும் பகல் முழுக்க வாங்கி வச்ச சூட்டை விட்டா, அது எதிர்ச்சுவர்லதான் போய் மோதுது. மேல தெரியிற வானம் ஒரு கோடுதான். பகல்ல நிழல் கொடுத்த அதே ஒடுக்கம் ராத்திரி மூடி போட்ட மாதிரி ஆயிடுது. போதாததுக்கு ஏ.சி. வெளி யூனிட்டெல்லாம் சந்துக்குள்ளயே ஊதுது. மாடி ரூம்ல ஃபேனுக்கு அடியில படுத்திருக்கிற வயசானவங்க உடம்புக்கு, பகல் வெயில்ல இருந்து தேற நேரமே கிடைக்கிறதில்லை.

ரேஸ்கோர்ஸ் பக்கம், அமெரிக்கன் கல்லூரி வளாகம் மாதிரி மரம் நின்ன இடத்துல வேற கணக்கு. ஒரு லிட்டர் தண்ணி இலை வழியா ஆவியாக, சுமார் 0.7 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பம் செலவாகுது. அதை விடப் பெரிய லாபம் நிழல்: வெயில் படாத சுவர்ல ராத்திரிக்குச் சூடு சேராது. அதனால மேற்கு வெயில் வாங்குற சுவர்ப் பக்கம் மரம் வைக்கணும். வேர் விட இடமே இல்லாத சந்துல மரம் கேட்டு மனு கொடுக்கிறது வீண். அங்க மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சுதான் கேட்கணும்.

மனுவோட நம்ம அளவும் போகணும். காத்தில்லாத, மேகமில்லாத ராத்திரியில, நெஞ்சு உயரத்துல, ஏ.சி. யூனிட்டுக்குத் தள்ளி நின்னு, ஒரே தெர்மாமீட்டரால அளங்க. முள் நிக்கிற வரை பொறுங்க. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி அளக்கணும், ஏன்னா நேரம் ஆக ஆக ஊரே குளிருது. உதாரணத்துக்கு, மாசி வீதியில 8 மணிக்கு 33 டிகிரி, 8.30-க்கு ரேஸ்கோர்ஸ்ல 31, திரும்பி வந்து 9 மணிக்கு மாசி வீதியில 32-ன்னு வச்சுக்குவோம். 8.30-க்கு மாசி வீதியில 32.5 இருந்திருக்கும். அப்போ வித்தியாசம் 2 இல்லை, ஒன்றரை. அந்த ஒன்றரையை மட்டும் எழுதுங்க.