தேடுறவங்க கண்ணுல படணும்: செய்முறை வீடியோவுக்குத் தலைப்பும் விவரமும் நேரக்குறிப்பும்

(கீரப்பாளையத்தில் நடந்த குழு ஊக்குநர்கள், பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம குழுக்களில் பொடி வகை, ஊறுகாய், தையல்னு தொழில் செய்யிற பலர் இப்போ செல்போனில் செய்முறை வீடியோ எடுத்து யூடியூபில் போடுறாங்க. வீடியோவை எடுக்கிறதுக்கு ஒரு முழுக் காலை செலவாகுது. ஆனா தலைப்பு எழுதுறதுக்கு அரை நிமிஷம்கூட ஒதுக்குறதில்லை. "நம்ம ஊரு ஸ்பெஷல்", "செம டேஸ்ட், மிஸ் பண்ணாதீங்க" அப்படின்னு போட்டுட்டு எழுந்துடுறோம். அந்த வீடியோவை சொந்தக்காரங்க பார்ப்பாங்க, குழுவில் இருக்கிறவங்க பார்ப்பாங்க. அதுக்கு மேல போகாது. பொடியை விலைக்கு வாங்கக்கூடிய வெளியூர்க்காரங்க கண்ணுல அது படவே படாது. இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறேன்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கின வில்லேஜ் குக்கிங் சேனல் உங்க எல்லாருக்கும் தெரியும். 2021-ல் ஒரு கோடி சந்தாதாரரைத் தாண்டினாங்க. அவங்களை ஜனங்க பேர் சொல்லியே தேடுறாங்க. நம்ம பேரை யாரும் தேடமாட்டாங்க. பண்டத்தோட பேரைத்தான் தேடுவாங்க. அதனால அவங்க தலைப்பைப் பார்த்து அதே மாதிரி வைக்கிறது நமக்கு உதவாது.

ஒருத்தர் ஒரு சொல்லைத் தேடும்போது யூடியூப் பார்க்கிற முக்கியமான விஷயங்களில் ரெண்டைச் சொல்றேன். தலைப்பும் விவரமும் உள்ளே இருக்கிற சங்கதியும் அந்தச் சொல்லோடு எவ்வளவு பொருந்துதுங்கிறது ஒண்ணு. அதே சொல்லைத் தேடி வந்தவங்க இந்த வீடியோவை நின்னு பார்த்தாங்களா, வந்த வேகத்தில் போயிட்டாங்களாங்கிறது இன்னொண்ணு. முதல் விஷயம் முழுக்க நம்ம கையில இருக்கு.

சிதம்பரம் கொத்சை எடுத்துக்குவோம்

ஒரு குழு சிதம்பரம் கொத்சு செய்யிற வீடியோ போடுறதா வச்சுக்குவோம். ஒன்பது நிமிஷ வீடியோ. கூடவே கொத்சு பொடியும் விற்கணும். நடராஜர் கோயில் சம்பா சாதத்துக்குத் தொட்டுக்கிற கொத்சு நமக்குப் பழகினது. கத்திரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, புளிக்கரைசல் விட்டு, மல்லியும் மிளகாயும் கடலைப்பருப்பும் வறுத்து அரைச்ச பொடி போட்டு இறக்குவோம்.

வெளியில் இந்தப் பேரிலேயே ஒரு குழப்பம் இருக்கு. சிலர் கொத்சு என்பாங்க, சிலர் கொத்ஸு, சிலர் கொஸ்து. மைக்கை அமுக்கி வாயால் சொல்லித் தேடுறவங்களுக்கு போன் எப்படி எழுதிக்கொடுக்குதோ அதுதான் எழுத்து. சென்னையிலயும் சிங்கப்பூரிலயும் இருக்கிற தமிழங்க பலர் ஆங்கில எழுத்தில் `gothsu`, `gotsu`, `kosthu` அப்படின்னு அடிக்கிறாங்க. போதாததுக்கு, பல வீடுகளில் கொத்சுன்னா பாசிப்பருப்பு போட்டு இட்லி பொங்கலுக்குச் செய்யிறது. அது வேற பண்டம். அதைத் தேடி வந்தவங்க நம்ம கத்திரிக்காயைப் பார்த்துட்டு உடனே போயிடுவாங்க. அப்படிப் போறது நமக்குத்தான் நஷ்டம்.

அதனால எழுதுறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை செய்யுங்க. முதல் வேலை, பக்கத்து வீட்டு அக்கா, கல்லூரி போற பொண்ணு, வெளியூரில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி மூணு பேர்கிட்ட, "இதை போன்ல தேடணும்னா என்னன்னு தேடுவீங்க?"ன்னு கேளுங்க. அவங்க சொன்னதை அப்படியே நோட்டில் எழுதுங்க. ரெண்டாவது வேலை, யூடியூப் தேடும் கட்டத்தில் "சிதம்பரம் கொ" வரைக்கும் அடிச்சு நிறுத்துங்க. கீழே வரிசையா சில சொற்கள் தானா வரும். ஜனங்க ஏற்கெனவே தேடுற சொற்கள்தான் பெரும்பாலும் அங்க வரும். ஆங்கில எழுத்திலும் அதே மாதிரி செஞ்சு பாருங்க. உங்க நோட்டிலும் இருந்து, இங்கேயும் வர்ற சொல்தான் தலைப்புக்கு ஏத்த சொல்.

தலைப்பு

நம்ம எடுத்துக்காட்டுக்குத் தலைப்பு இப்படி வரலாம்:

```
சிதம்பரம் கொத்சு செய்வது எப்படி | கத்திரிக்காய் கொத்சு | Chidambaram Gothsu
```

பண்டத்தோட முழுப்பேர் முதல்ல வந்திருக்கு. போனில் நீளமான தலைப்போட வால் பகுதி தெரியாது, மூணு புள்ளி வச்சு வெட்டிடும். அதனால "எங்கள் வீட்டில் இன்று" மாதிரி சொற்களை முன்னாடி வைக்காதீங்க. "கத்திரிக்காய்" இருக்கிறதால பாசிப்பருப்பு கொத்சு தேடுறவங்களுக்கு இது வேறன்னு தெரிஞ்சுடும். ஆங்கில எழுத்தில் தேடுறவங்களுக்குக் கடைசித் துண்டு.

தலைப்புக்கு 100 எழுத்து வரைக்கும்தான் இடம். ஆனா நாம எண்ணுற மாதிரி அது எண்ணாது. "கொத்சு" நமக்கு மூணு எழுத்து. புள்ளி, கொம்பு, கால் எல்லாத்தையும் தனித்தனியா எண்ணுறதால அதுக்கு ஆறு. மேலே இருக்கிற தலைப்பு அந்தக் கணக்கில் 75 வருது. அதனால எல்லாப் பேரையும் தலைப்பிலேயே திணிக்க முடியாது, திணிக்கவும் வேண்டாம். மீதிப் பேருக்கு விவரத்தில் இடம் இருக்கு.

விவரம்

வீடியோவுக்குக் கீழே இருக்கிற விவரத்தில், திறக்காம தெரிஞ்சாலும் முதல் ஒண்ணு ரெண்டு வரிதான் தெரியும். நம்மில் பலர் அந்த இடத்தில் "வணக்கம் நண்பர்களே, சப்ஸ்கிரைப் செய்யுங்கள்"னு எழுதி வீணாக்குறோம். அங்க இப்படி எழுதலாம்:

```
சம்பா சாதத்துக்கும் இட்லிக்கும் ஏற்ற சிதம்பரம் கத்திரிக்காய் கொத்சு.
கால் கிலோ கத்திரிக்காயில், வீட்டில் அரைத்த பொடியோடு செய்யும் முறை.
```

அதுக்குக் கீழே பொருள், அளவு. பிறகு மாத்துப் பேர்களை ஒரு வாக்கியமா எழுதுங்க: "இதைக் கொத்ஸு, கொஸ்து என்றும் சொல்வார்கள்." அவ்வளவு போதும். சம்பந்தம் இல்லாத பேர்களை, சினிமாப் பேரை, பெரிய சேனல் பேரை வரிசையா அடுக்கினா அது யூடியூப் விதிக்கு விரோதம், வீடியோவையே எடுத்துடலாம். உள்ளே இல்லாததைத் தலைப்பில் சொல்றதும் அப்படித்தான். # போட்டு எழுதுற குறிச்சொல் ரெண்டு மூணு போதும். 60-க்கு மேல போனா எல்லாத்தையும் சேர்த்துத் தள்ளிடும்.

பொடி வேணும்னா தொடர்புகொள்ளச் சொல்லி நம்பரும் இங்கதான் போடுவீங்க. அது குழுவுக்குன்னு வாங்கின நம்பரா இருக்கட்டும். ஒரு உறுப்பினரோட சொந்த நம்பரைப் போட்டா ராத்திரி நேரத்தில் வேண்டாத அழைப்பு வரும். வீட்டில் பிரச்சினையாகி, அந்த சகோதரி வீடியோ பக்கமே வராம போயிடுவாங்க.

நேரக்குறிப்பு

எந்த நிமிஷத்தில் என்ன வருதுன்னு விவரத்தில் எழுதினா, வீடியோவோட கீழ்க்கோடு துண்டு துண்டா பிரிஞ்சு, வேணுங்கிற இடத்தைத் தொட்டுப் போகலாம். 2020-லிருந்து இந்த வசதி இருக்கு. நம்ம ஒன்பது நிமிஷ வீடியோவுக்கு இப்படி:

```
0:00 சிதம்பரம் கொத்சு அறிமுகம்
0:25 தேவையான பொருட்கள், அளவு
1:10 கொத்சு பொடி வறுத்து அரைப்பது
3:05 கத்திரிக்காய் வதக்குவது
5:20 புளிக்கரைசல் ஊற்றிக் கொதிக்க விடுவது
7:40 சரியான பதம் எப்படித் தெரியும்
8:30 சம்பா சாதத்தோடு பரிமாறுவது
```

இதுக்கு மூணு விதி. முதல் வரி 0:00-ல்தான் தொடங்கணும். குறைஞ்சது மூணு வரி இருக்கணும், நேரம் ஏறு வரிசையில் போகணும். ஒவ்வொரு துண்டும் 10 வினாடியாவது இருக்கணும். சேமிச்சதும் வீடியோவைத் திறந்து பாருங்க. நேரம் நீலமா மாறியிருக்கு, ஆனா கோடு பிரியலைன்னா இந்த மூணில் ஒண்ணு தவறியிருக்கு. பெரும்பாலும் 0:00 விட்டுப்போயிருக்கும். நீலமாவே மாறலைன்னா, 1:10-க்குப் பதிலா 1.10-ன்னு ஒத்தைப் புள்ளி வச்சிருப்பீங்க. போன் விசைப்பலகையில் இந்தத் தப்பு சுலபமா வரும்.

"பாகம் 1, பாகம் 2"ன்னு எழுதினா பிரயோஜனம் இல்லை. "கொத்சு பொடி வறுத்து அரைப்பது"ன்னு எழுதினா, பொடி செய்முறை மட்டும் தேடுறவங்களுக்கும் அந்தச் சொல் பொருந்தும். கூகுளில் தேடும்போது சில நேரம் அந்தத் துண்டையே தனியாக் காட்டும்.

"நேரம் போட்டுட்டா நடுவில் தாண்டிப் போயிடுவாங்களே மேடம்"னு ஒரு சகோதரி இங்க கேட்டாங்க. நியாயமான கேள்வி. தாண்டத்தான் செய்வாங்க. ஆனா அடுப்பில் சட்டியை வச்சுட்டு, "புளி எப்போ ஊத்தணும்"னு பார்க்க வந்தவங்களுக்கு அந்த இடம் கிடைக்கலைன்னா, நம்ம வீடியோவை மூடிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிடுவாங்க. பாதி பார்க்கிறது, பார்க்காம போறதைவிட மேல்.

சரியா வருதான்னு பார்க்கிறது

உங்க போனிலேயே தேடி "முதல்ல வருதே"ன்னு நம்பிடாதீங்க. நீங்க முன்னாடி பார்த்ததை வச்சு உங்களுக்குக் காட்டுறது மாறும். நம்ம சேனலைப் பார்க்காத ஒருத்தர் போனில் தேடச் சொல்லுங்க. அதைவிட நல்ல வழி `YouTube Studio` செயலி. அதில் `Analytics` போய், பார்வை எங்கிருந்து வந்ததுங்கிற பகுதியில் `YouTube search` தொட்டா, என்ன சொல்லைத் தேடி வந்தாங்கன்னு காட்டும். அங்க நீங்க நினைக்காத ஒரு சொல் இருந்தா, உதாரணமா "சம்பா சாதம் சைடு டிஷ்", அதை விவரத்தின் முதல் வரியில் சேருங்க. தலைப்பையும் விவரத்தையும் எப்போ வேணும்னாலும் மாத்தலாம். வீடியோவை அழிச்சு மறுபடி போட வேண்டியதில்லை. அழிச்சா அதுவரை வந்த பார்வைக் கணக்கும் போயிடும்.

இதில் ஒரு எல்லை இருக்கு. "கத்திரிக்காய் குழம்பு"ன்னு எல்லாரும் போடுற பேரில், எவ்வளவு நல்லா எழுதினாலும் பெரிய சேனல்களுக்குக் கீழேதான் வருவோம். "சிதம்பரம் கொத்சு" தேடுறவங்க எண்ணிக்கை குறைவு. ஆனா அவங்க அதையேதான் தேடுறாங்க, பொடி வாங்கவும் வாய்ப்பு அதிகம். அந்தப் பேர்தான் நமக்கு.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, ஏற்கெனவே போட்ட ஒரு வீடியோவைத் தேர்ந்தெடுத்து, மூணு பேர்கிட்ட கேட்ட சொற்களை நோட்டில் எழுதிட்டு வாங்க. உட்கார்ந்து தலைப்பு, விவரம், நேரக்குறிப்பு மூணையும் அங்கேயே மாத்தி எழுதிடுவோம்.