சிறுநீர் செல்லும் வழி: ஆணுக்கும் பெண்ணுக்கும்



சிறுநீர் தானாக வெளியேறாதபோது அதை வடிப்பதற்கு மருத்துவர்கள் செலுத்தும் மெல்லிய ரப்பர்க் குழாயைக் கதீட்டர் என்கிறோம். அது இரண்டு நீளங்களில் செய்யப்படுகிறது. ஒன்று ஏறக்குறைய 40 சென்டிமீட்டர்; மற்றொன்று, பெண்களுக்கென்றே அமைந்தது, 26 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. சிறுநீர்ப்பையிலிருந்து வெளிவாய் வரை நீர் செல்லும் பாதையைச் சிறுநீர்ப்புறவழி என்பர். அந்தப் பாதை பெண்ணுக்குக் குறுகியது, நேரானது. ஆணுக்கு நீண்டது, வளைந்தது. எந்த இடத்தில் அது அடிபடும், எந்த இடத்தில் குழாய் தடைப்படும் என்பவற்றைப் பெரும்பாலும் இந்த அமைப்பே தீர்மானிக்கிறது.

முதலில் பெண்ணின் பாதையைப் பார்ப்போம். அதன் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர். யோனியின் முன்சுவரோடு ஒட்டியபடியே சற்று முன்னோக்கிக் கீழிறங்கி, யோனித் துவாரத்துக்கு முன்னால் திறக்கிறது. வளைவு ஏதும் இல்லை. நன்றாக விரிந்தும் கொடுக்கும். ஆகவே குழாய் உள்ளே நுழைந்துவிட்டால் இடையில் தடை ஏற்படுவது அரிது. பாதை குறுகியதாயிருப்பதால் வெளியிலுள்ள கிருமிகள் சிறுநீர்ப்பையை எளிதில் எட்டிவிடுகின்றன. பெண்களுக்குச் சிறுநீர் அழற்சி அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆணின் பாதை 18 முதல் 20 சென்டிமீட்டர் வரை நீண்டிருக்கும். அதை மூன்று பாகங்களாகக் கருதலாம். சிறுநீர்ப்பையை விட்டதும் புராஸ்டேட் சுரப்பியின் ஊடே செல்லும் 3 அல்லது 4 சென்டிமீட்டர் முதல் பாகம். மூன்றிலும் நன்றாக விரிந்து கொடுப்பது இதுவே. அடுத்தது ஒன்றரை அல்லது இரண்டு சென்டிமீட்டரே நீளமுள்ள சவ்வுப் பாகம். சிறுநீரை அடக்கிவைக்கும் சுருக்குத்தசை இதைச் சூழ்ந்திருப்பதால் இது குறுகலானது, விரிந்து கொடுக்காதது. எஞ்சிய 15 சென்டிமீட்டரும் பஞ்சு போன்ற திசுவின் நடுவே ஆண்குறியின் நுனி வரை செல்லும் மூன்றாம் பாகம். இதன் தொடக்கம் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே சற்றுப் பருத்திருக்கும். அவ்விடத்தைக் குமிழ்ப்பகுதி என்பர். முழுப் பாதையிலும் மிகக் குறுகிய இடம் நுனியிலுள்ள வெளிவாய்தான்.

இந்தப் பாதையில் வளைவுகள் இரண்டு. ஆண்குறி உடலோடு சேருமிடத்தில் உள்ளது ஒன்று. குறியை மேல்நோக்கி உயர்த்திப் பிடித்தால் அது நேராகிவிடும். மற்றொன்று, அடிவயிற்றின் முடிவில் கைக்குத் தட்டுப்படும் பூப்பெலும்பின் கீழே, குமிழ்ப்பகுதி சவ்வுப் பாகத்தோடு கூடுமிடத்தில் இருக்கிறது. இதை எவ்விதம் பிடித்தாலும் நேராக்க முடியாது. பாதை குறுகுவதும் இங்கேதான், மேல்நோக்கித் திரும்புவதும் இங்கேதான்.

ஆணுக்குக் குழாய் செலுத்தும்போது தடை பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. நோயாளி அச்சத்தால் உடலை இறுக்கும்போது சுருக்குத்தசையும் இறுகிக்கொள்ளும். தேர்ந்த கைகள் அப்போது தள்ளுவதில்லை. மரத்துப்போகச் செய்யும் ஜெல்லியை முன்னதாகவே பாதையில் செலுத்திச் சில நிமிடங்கள் பொறுத்திருப்பார்கள்; தடை தெரிந்தால் நிறுத்தி, மூச்சை ஆழ்ந்து இழுத்துவிடச் சொல்வார்கள்; தசை தளர்ந்ததும் குழாய் தானே வழுக்கிச் செல்லும். இதை மீறித் தள்ளினால் முனை குமிழ்ப்பகுதியின் சுவரைத் துளைத்துப் பொய்வழி ஒன்றை உண்டாக்கிவிடும். குழாய் உள்ளே போய்க்கொண்டிருந்தும் நீர் வராமல், இரத்தம் மட்டும் வந்தால் பொய்வழியை ஐயுற வேண்டும். முதியவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பருத்து முதல் பாகத்தை நெருக்கும்போது, முனை சற்று மேல்நோக்கி வளைந்த தனிவகைக் குழாயைப் பயன்படுத்துவதுண்டு.

இன்னொரு அபாயமும் உண்டு. குழாய் நழுவாதிருப்பதற்காக அதன் முனைக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு பலூன் இருக்கிறது. சிறுநீர்ப்பைக்குள் சென்றபின் அதில் நீர் ஏற்றி உப்பச் செய்வார்கள். பெண்களுக்கான குறுங்குழாயை ஓர் ஆணுக்குச் செலுத்தினால் என்ன நேரும்? முனை பையை எட்டுவதால் நீர் வந்துவிடலாம். ஆனால் பலூன் இன்னும் புராஸ்டேட் பாகத்திலேயே நிற்கும். அங்கே அதை உப்பச் செய்தால் பாதை கிழியும். இங்கிலாந்தில் இவ்விதம் ஆண்கள் பலர் காயமுற்றதைத் தொடர்ந்து 2009-ஆம் ஆண்டில் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கையே விடுக்கப்பட்டது. ஆகவே ஆணுக்கு நீளமான குழாயைக் கிளை பிரியும் இடம் வரை முழுதும் செலுத்தி, நீர் வருவதையும் கண்ட பிறகே பலூனில் நீர் ஏற்றுவது முறை.

பெண்ணுக்கு வரும் சங்கடம் வேறு விதமானது. அங்கே வழியில் தடையில்லை. வாயைக் கண்டுபிடிப்பதே சிரமம். மாதவிடாய் நின்று ஆண்டுகள் பல சென்றவர்களுக்கு அந்தத் துவாரம் உள்வாங்கி, யோனியின் முன்சுவரில் மறைந்துவிடுவதுண்டு. குழாய் தவறி யோனிக்குள் போய்விட்டால் நீர் வராது. அப்போது அதை உடனே உருவாமல் அடையாளமாக அங்கேயே விட்டுவைத்து, அதற்கு முன்னால் உள்ள துவாரத்தில் புதிய குழாயைச் செலுத்துவார்கள். தவறிப்போன குழாயையே மீண்டும் பயன்படுத்தினால் கிருமிகளைப் பைக்குள் கொண்டுசேர்த்ததாகும்.

இனிக் காயங்களைப் பார்ப்போம். கட்டட வேலை செய்யும் ஓர் இளைஞன் சாரத்தில் கால் வழுக்கி, குறுக்குக் கம்பின்மேல் இரு கால்களையும் அகட்டியபடி விழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கீழே கம்பு, மேலே பூப்பெலும்பு. இரண்டுக்கும் நடுவே நசுங்குவது குமிழ்ப்பகுதி. எழுந்து நடக்க முடிவதால் அவன் அதைப் பெரிதாக எண்ணாமலிருக்கலாம். ஆனால் குறியின் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் தெரிகிறது. சிறுநீர் முட்டுகிறது, வரவில்லை. விதைப்பைக்குப் பின்னால் கறுத்து வீங்குகிறது. இம்மூன்றும் பாதை கிழிந்ததற்கான அடையாளங்கள். இந்நிலையில் முக்கி நீர் கழிக்க முயன்றால், கிழிசல் வழியே நீர் கசிந்து விதைப்பையிலும் அடிவயிற்றுத் தோலின் கீழும் பரவும். தொடைக்கு மட்டும் அது இறங்காது. அங்குள்ள சவ்வு தொடையின் தொடக்கத்திலேயே இறுக ஒட்டியிருக்கிறது.

இவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குழாய் செலுத்தலாகாது. பாதி கிழிந்ததை அது முழுக் கிழிசலாக்கிவிடக்கூடும். வெளிவாய் வழியாகச் சாய மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்தால் எங்கே கசிகிறது என்பது தெரியும். கிழிசல் உறுதியானால், அடிவயிற்றில் சிறு துளையிட்டு நேரே சிறுநீர்ப்பைக்குள் குழாய் வைத்து நீரை வடிப்பதே பெரும்பாலும் கைக்கொள்ளும் வழி. காயம் ஆறிய பிறகும் கவனம் வேண்டும். தழும்பு சுருங்கிப் பாதையை நெருக்கும்; மாதங்கள், சிலசமயம் ஆண்டுகள் கழித்துக்கூட நீர்த்தாரை நூல்போல் மெலியலாம்.

வாகன விபத்தில் இடுப்பெலும்பு முறிவோருக்கு நேர்வது வேறு. அங்கே எலும்போடு பிணைந்த சவ்வுப் பாகத்தருகே பாதை அறுபடுகிறது. நீரும் இரத்தமும் உள்ளேயே, சிறுநீர்ப்பையைச் சுற்றித் தேங்குவதால் வெளியில் வீக்கம் தெரியாமலும் போகலாம். பெண்களின் பாதை குறுகியதும் அசைந்து கொடுப்பதுமாதலால் இவ்வகைக் காயம் அவர்களுக்கு அரிதாகவே நேர்கிறது. பிரசவம் நெடுநேரம் தடைப்பட்டு, குழந்தையின் தலை பூப்பெலும்போடு வைத்து அழுத்தும்போதே அவர்களுக்குக் கேடு உண்டாகிறது. அழுந்திய சுவர் சில நாட்களில் அழிந்து துளை விழுந்து, சிறுநீர் இடைவிடாமல் யோனி வழியே கசியத் தொடங்கும். அறுவைச் சிகிச்சையால் இதைச் சரிசெய்ய முடியும். இதை மறைத்து வாழ வேண்டுவதில்லை.

மொழி வேறான ஊரில் மருத்துவமனைக்குச் செல்லும்போது, கூச்சம் காரணமாக இவற்றைச் சொல்லாமல் விட்டுவிடுவது நம்மிடையே வழக்கம். எப்படி விழுந்தோம், நுனியில் இரத்தம் கண்டதா, கடைசியாக நீர் கழித்தது எப்போது என்ற மூன்றையும், குழாயைக் கையில் எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். குழாய் செலுத்துவதா, படம் எடுப்பதா என்பதை அவர் முடிவு செய்வது இந்த மூன்று விடைகளைக் கொண்டுதான்.