மூன்று துண்டு, ஒரே பட்டியல்

(தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வயசானவங்க இருக்கிற வீட்டில் மருந்துத் துண்டு ஒன்றோடு நிற்பதில்லை. கிளினிக் கொப்பி ஒன்று. வார்டில் துண்டு வெட்டி அனுப்பும்போது கொடுத்த அட்டை ஒன்று. டவுனில் காசு கொடுத்துப் பார்த்த டொக்டரின் துண்டு ஒன்று. ஒருத்தர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. மூன்றையும் சாப்பிடுகிறவர் நம்ம வீட்டு ஆள்.

ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த அம்மாவுக்கு 63 வயது. சீனி வியாதி, பிரஷர், முழங்கால் வலி. மூன்று துண்டிலும் இருந்தது இதுதான்.

கிளினிக் கொப்பியில்: மெட்போமின் 500 மி.கி. இரண்டு வேளை, எனலப்ரில் 5 மி.கி. இரண்டு வேளை, அட்டோவஸ்டட்டின் 20 மி.கி. இரவில்.

வார்டு அட்டையில்: மெட்போமின் 500 மி.கி. மூன்று வேளை, லொசாட்டன் 50 மி.கி. காலையில்.

டவுன் துண்டில்: குளுக்கோபேஜ் 500 மி.கி. இரண்டு வேளை, டைக்குளோபினக் 50 மி.கி. இரண்டு வேளை.

அந்த அம்மா மூன்று பையிலிருந்தும் ஒழுங்காக எடுத்துச் சாப்பிட்டார். கொஞ்ச நாளில் குமட்டல், வயிற்றோட்டம், எழும்பி நின்றால் தலைசுற்று.

மருமகள் செய்த முதல் வேலை நல்ல வேலை. துண்டை மட்டும் பார்க்காமல், வீட்டில் இருந்த எல்லா மாத்திரையையும் பாயில் கொட்டி, அம்மா உண்மையில் எதை எத்தனை சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதினார். பிறகு மூன்று துண்டையும் திகதி வரிசையில் வைத்தார். ஒரு மருந்துக்கு ஒரு வரி என்று தாளில் எழுதி, பார்மசியில் காட்டி ஒவ்வொன்றின் உண்மையான பெயரையும் கேட்டார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. குளுக்கோபேஜ் என்பது கம்பனி வைத்த பெயர். உள்ளே இருப்பது மெட்போமின்தான். 2, 3, 2 என்று நாளுக்கு 7 மாத்திரை, 3500 மி.கி. போயிருக்கிறது. அது கூடின அளவு. குமட்டலும் வயிற்றோட்டமும் அதனால் வரக்கூடியவை.

மருமகள் தானாக எதையும் நிறுத்தவில்லை. அன்றைக்கே அம்மாவையும் தாளையும் எல்லா மாத்திரையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டொக்டர் இரத்தம் சோதித்து, ஒவ்வொரு வரியாகத் தீர்த்து எழுதிக் கொடுத்த பட்டியல் இது:

1. மெட்போமின் 500 மி.கி. – நாளுக்கு 3 தடவை, சாப்பாட்டோடு. காரணம்: சீனி கூடியிருந்ததால் வார்டில்தான் 2 வேளையை 3 ஆக்கினார்கள். குளுக்கோபேஜ் அதே மருந்து, நிறுத்தம்.

2. லொசாட்டன் 50 மி.கி. – காலையில் 1 தடவை, பிரஷருக்கு. காரணம்: எனலப்ரில் அந்த அம்மாவுக்கு வறட்டு இருமலைக் கொடுத்ததால் அதற்குப் பதிலாகத் தந்தது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் அளவுக்கு மேல் இறங்கலாம், சிறுநீரகம் கெடலாம். எனலப்ரில் நிறுத்தம்.

3. அட்டோவஸ்டட்டின் 20 மி.கி. – இரவில் 1 தடவை, கொலஸ்ட்ரோலுக்கு. காரணம்: வார்டு அட்டையில் இல்லை. ஆனால் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, எழுத விட்டுப்போனது. தொடரும்.

4. பரசிட்டமோல் 500 மி.கி. – வலி இருந்தால் மட்டும் 2 மாத்திரை, 6 மணித்தியாலத்துக்கு ஒரு முறை, நாளுக்கு 3 தடவைக்கு மேல் வேண்டாம். காரணம்: டைக்குளோபினக் பிரஷரைக் கூட்டும், வயிற்றைப் புண்ணாக்கும், லொசாட்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் கெடுதல். டைக்குளோபினக் நிறுத்தம்.

இந்த அளவுகள் அந்த அம்மாவுக்கு மட்டும். உங்கள் வீட்டு ஆளுக்கு வேறாக இருக்கும்.

இதில் ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. கடைசித் திகதித் துண்டுதான் சரி என்று நினைக்காதீங்க. அப்படி நினைத்திருந்தால் அட்டோவஸ்டட்டின் நின்றுபோயிருக்கும். ஒரு துண்டில் மருந்து இல்லையென்றால், "நிறுத்தினீங்களா, விட்டுப்போச்சா?" என்று கேளுங்க.

அடுத்தது, காரணத்தையும் எழுதி வாங்குங்க. "இருமலால் எனலப்ரில் நிறுத்தம்" என்று எழுதியிருந்தால், அடுத்த முறை வேறொரு டொக்டர் அதையே திரும்பக் கொடுக்கமாட்டார். வெறுமனே மருந்துப் பெயர் மட்டும் இருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

பட்டியலில் திகதியும் டொக்டரின் கையெழுத்தும் இருக்கட்டும். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி, பழைய துண்டுகளில் கோடு போடுங்க. நிறுத்தின மாத்திரையை வீட்டில் வைக்காமல் தோட்ட டிஸ்பென்சரியில் கொடுங்க. பையில் கிடந்தால் கை மறுபடி அதற்குத்தான் போகும். டவுன் டொக்டரிடம் போனாலும் முதலில் இந்தப் பட்டியலை நீட்டுங்க.

வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால், ஸ்கூல் போகிற பிள்ளை ஒவ்வொரு பையிலும் காலை, பகல், இரவு என்று சூரியனும் நிலாவும் வரைந்து வைக்கட்டும். அடுத்த கிளினிக் நாளுக்கு முன்பு உங்கள் வீட்டுப் பையைப் பாயில் கொட்டிப் பாருங்க. பட்டியல் எழுத உதவி வேணும் என்றால் எல்லாத் துண்டோடும் என்னிடம் வாங்க.