ஒரு 'ங்க' எங்கே போனது?

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் பெரிய பேச்சாளன் இல்லைங்க. பி.காம். முடித்துவிட்டு நாமக்கல்லில் முட்டை ஏற்றுமதி அலுவலகங்களில் கடிதம் எழுதியே காலம் தள்ளியவன். 'நீ கற்றுக்கொண்டதில் பிள்ளைகளுக்குப் பயன்படுகிற ஒன்றைச் சொல்' என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். மூன்றே மூன்று ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேசுகிறேன். கேன், குட், வுட். 'குட்' என்றதும் 'நல்ல' என்கிற குட் என்று நினைத்துவிடாதீர்கள். 'கேன்' என்பதன் தம்பி இவன். மின்னஞ்சலில் ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது இந்த மூன்றில் எதைப் போடுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 2001 அக்டோபர். மஸ்கட்டுக்கு ஒரு கண்டெய்னர் முட்டை போக வேண்டும். அட்டைக்கு 30 முட்டை, பெட்டிக்கு 12 அட்டை, ஆக ஒரு பெட்டிக்கு 360. பெரிய குளிர்சாதன கண்டெய்னர் என்றால் நாலரை லட்சம் முட்டைக்கு மேல் பிடிக்கும். வாங்குபவரின் வங்கி எல்.சி. கொடுத்திருந்தது. பி.காம். பிள்ளைகளுக்குத் தெரியும், எல்.சி.யில் 'இந்தத் தேதிக்குள் கப்பலில் ஏற்ற வேண்டும்' என்று ஒரு கடைசித் தேதி இருக்கும். அது தாண்டினால் பணத்துக்கு உத்தரவாதம் இல்லை. எங்களுக்குக் கடைசித் தேதி 14. காலி கண்டெய்னர் கிடைக்கத் தாமதமாகி, 18-ஆம் தேதிதான் ஏற்ற முடியும், 19-ஆம் தேதி கப்பல் என்று ஆகிவிட்டது. வாங்குபவர் தன் வங்கியிடம் சொல்லித் தேதியை 21 வரை நீட்டித் தர வேண்டும்.

10-ஆம் தேதி நான் மின்னஞ்சல் போட்டேன். இரண்டே வரி. 'ப்ளீஸ் எக்ஸ்டெண்ட் தி எல்.சி. டு 21 அக்டோபர். வீ வுட் லோட் ஆன் 18.' மரியாதையாக எழுதியதாகத்தான் எனக்கு நினைப்பு. 'ப்ளீஸ்' இருக்கிறது, 'வுட்' இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

ஒரு வாரம் பதிலே இல்லை. 17-ஆம் தேதி புதன்கிழமை சாயங்காலம் போன் போட்டேன். அந்தக் கொள்முதல் மேலாளர் கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டார்: "நீங்கள் 'வுட் லோட்' என்று எழுதியிருக்கிறீர்களே, எது நடந்தால் ஏற்றுவீர்கள்? அதைச் சொல்லி இன்னொரு மெயில் வரும் என்று காத்திருந்தேன். அதுவுமில்லாமல், என் வங்கியை நான் எப்போது தேதி மாற்றச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் உத்தரவு போடுவீர்களா?" அப்போதெல்லாம் அந்த நாட்டில் வியாழனும் வெள்ளியும் விடுமுறை. வங்கி பூட்டியிருந்தது. தேதி மாறவில்லை. உத்தரவாதம் இல்லாமல் அனுப்ப முதலாளிக்குத் துணிவில்லை. கப்பல் போய்விட்டது. பெட்டியில் அடைத்த முட்டையைப் பிரித்து உள்ளூர் விலைக்குத் தள்ளினோம். முதலாளி என்னைத் திட்டவில்லை. "எழுதறப்போ ரெண்டு தடவை படிச்சுப் பாருங்க" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

இரண்டே வரியில் இரண்டு தப்பு. ஒன்று, கேட்க வேண்டிய இடத்தில் உத்தரவு போட்டது. மற்றொன்று, உறுதி சொல்ல வேண்டிய இடத்தில் பணிவு காட்டியது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதல் தப்பு எங்கிருந்து வந்தது? நம்ம ஊர்ப் பேச்சிலிருந்து வந்தது. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்தில் நாம் எதற்கும் 'ங்க' போடுகிறோம். 'அனுப்புங்க', 'சரிங்க', 'இல்லீங்க'. 'அனுப்பு' என்பது உத்தரவு. 'அனுப்புங்க' என்றால் அதற்குள்ளேயே மரியாதை வந்து உட்கார்ந்துவிடுகிறது. மனதில் 'எல்.சி.யை நீட்டித் தாங்க' என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினால், 'எக்ஸ்டெண்ட்' மட்டும் போய்ச் சேருகிறது, 'ங்க' இங்கேயே நின்றுவிடுகிறது. ஆங்கில வினைச்சொல்லில் அதை ஒட்டவைக்க இடம் இல்லை. 'ப்ளீஸ்' அந்த வேலையைச் செய்யும் என்று நினைக்கிறோம். ஆனால் 'ப்ளீஸ் எக்ஸ்டெண்ட்' என்பது கொஞ்சம் மெதுவாகச் சொன்ன உத்தரவுதான். 'கைண்ட்லி' போட்டாலும் அதே கதை. ஆங்கிலேயன் தன் 'ங்க'வைக் கேள்விக்குள் வைத்திருக்கிறான். கேன், குட், வுட் என்று கேள்வியாகத் தொடங்கினால்தான் எதிராளிக்கு 'முடியாது' என்று சொல்ல ஒரு வாசல் திறந்திருக்கும். அந்த வாசல்தான் மரியாதை.

இனி மூன்றுக்கும் உள்ள வித்தியாசம். 'கேன் யூ' என்பது 'உங்களால் முடியுமா' என்று நேராகக் கேட்பது. தினம் பேசிப் பழகியவர், அவர் வழக்கமாகச் செய்கிற வேலை, சின்ன விஷயம் என்றால் இது போதும். 'குட் யூ' என்பது அதன் இறந்தகால உருவம். ஆனால் நேற்றைய சங்கதியைக் கேட்கவில்லை. காலத்தில் ஒரு அடி பின்னால் தள்ளி வைத்து, 'முடிகிற மாதிரி இருந்தால்' என்று கேட்கிறது. இது நமக்குப் புதிதில்லை. 'அனுப்பினா நல்லா இருக்குங்க' என்கிறோமே, அந்த 'அனுப்பின' என்பதும் இறந்தகால வடிவம்தான். நாளை நடக்க வேண்டியதை நடந்து முடிந்தது போல் சொல்லி மெதுவாக்குகிறோம். 'வுட் யூ' என்பது 'வில்' என்பதன் பின்வடிவம். முடியுமா என்று கேட்கவில்லை, 'உங்களுக்கு மனம் உண்டா' என்று கேட்கிறது. அவரால் முடியும் என்று நமக்குத் தெரியும், முடிவு அவர் கையில் என்கிறபோது இது பொருந்தும்.

எந்த இடத்தில் எது என்று எப்படித் தீர்மானிப்பது? பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்று இரண்டு ஆய்வாளர்கள் உலக மொழிகளில் மரியாதை எப்படி இயங்குகிறது என்று 1978-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். 1987-ல் அது தனிப் புத்தகமாக வந்தது. இன்றைக்கும் இந்தத் துறையில் அதைத் தொடாமல் யாரும் பேசுவதில்லை. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மொழிகளில் ஒன்று தமிழ், அதுவும் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத்துத் தமிழ். நம்ம கொங்குச் சீமைப் பேச்சேதான்! ஒரு வேண்டுகோளின் கனம் மூன்று விஷயங்களைப் பொறுத்தது என்றார்கள். அவருக்கும் நமக்கும் எவ்வளவு பழக்கம், அவர் கை நம்மைவிட எவ்வளவு ஓங்கியது, கேட்கிற காரியம் எவ்வளவு பெரியது. மூன்றையும் கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் முட்டைக் கண்டெய்னருக்கே போட்டுப் பார்ப்போம். தூத்துக்குடியில் சரக்கு ஏஜென்ட் ஆபீஸ் தம்பி. தினம் நாலு தடவை பேசுகிறவர். கப்பல் ரசீதின் நகல் வேண்டும், அது அவர் அன்றாட வேலை. 'கேன் யூ ஸெண்ட் தி டிராஃப்ட் பை 3?' போதும். இவருக்குப் போய் 'வுட் இட் பி பாசிபிள்' என்று எழுதினால், 'அண்ணனுக்கு நம்ம மேல என்ன கோபமோ' என்று நினைப்பார். அடுத்து, மஸ்கட் அலுவலகத்தின் கணக்கர். முகம் தெரியாதவர், ஆனால் காரியம் சின்னது. பழைய பில்லின் ஒரு பிரதி. 'குட் யூ ப்ளீஸ் ஸெண்ட்' சரி. ஆள் யாரென்று தெரியாதபோது 'குட்' போட்டவன் கெட்டதில்லை. மூன்றாவது அந்தக் கொள்முதல் மேலாளர். பழக்கம் குறைவு, கை ஓங்கியவர், காரியமோ பெரியது. வங்கிக்கு எழுத வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு, தவறு எங்களுடையது. இங்கே நான் எழுதியிருக்க வேண்டியது இது:

'வுட் இட் பி பாசிபிள் டு ஆஸ்க் யுவர் பேங்க் டு எக்ஸ்டெண்ட் தி ஷிப்மெண்ட் டேட் ஃப்ரம் 14 டு 21 அக்டோபர்? தி கண்டெய்னர் கேம் லேட். வீ வில் பே தி பேங்க் சார்ஜஸ். வீ வில் லோட் ஆன் 18.'

முதல் வரியில் 'யூ' இல்லை என்பதைக் கவனியுங்கள். 'நீங்கள் செய்வீர்களா' என்றுகூடக் கேட்காமல், 'அது நடக்கிற காரியமா' என்று கேட்கிறது. மறுப்பதானாலும் அவர் வங்கியின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகலாம்.

இப்போது இரண்டாவது தப்பு. கடைசி வரியில் 'வில்' என்று இருக்கிறது, 'வுட்' இல்லை. கேட்கும்போது 'வுட்', வாக்குக் கொடுக்கும்போது 'வில்'. 'வுட்' பணிவான சொல் என்று ஒருதரம் மனதில் பதிந்ததும், நாம் எல்லா இடத்திலும் அதைத் தூவிவிடுகிறோம். 'வீ வுட் ஸெண்ட் டுமாரோ' என்று நம் நாட்டு அலுவலகங்களில் தினமும் எழுதுகிறார்கள். நமக்குள் அது புரியும். வெளிநாட்டுக்காரருக்கு அது பாதி வாக்கியம். 'அனுப்புவோம்... ஆனால்' என்று நிற்கிறது. 'குட்' போட்டாலும் அப்படித்தான். 'வீ குட் லோட் ஆன் 18' என்றால் 'ஏற்றவும் செய்யலாம்' என்றுதான் அர்த்தம். சந்தேகம் வந்தால் அந்த வரியைத் தமிழில் 'இப்படி ஆனால்' என்று தொடங்கிப் படித்துப் பாருங்கள். பொருந்தினால் 'வுட்' இருக்கட்டும். பொருந்தாவிட்டால் எடுத்துவிட்டு 'வில்' போடுங்கள்.

இன்னும் இரண்டு பள்ளம் இருக்கிறது, சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். 'வுட் யூ மைண்ட்' என்று யாராவது உங்களைக் கேட்டால், அது 'உங்களுக்கு ஆட்சேபணை உண்டா' என்ற கேள்வி. மரியாதைக்காக 'எஸ்' என்று பதில் போட்டீர்கள் என்றால், 'ஆமாம், ஆட்சேபணை உண்டு' என்று ஆகிவிடும். 'நாட் அட் ஆல்' என்று எழுதுங்கள். இரண்டாவது, 'வுட் யூ ப்ளீஸ் ஸெண்ட் தி பேமெண்ட்' என்று எழுதிக் கேள்விக்குறி போடாமல் முற்றுப்புள்ளி வைத்தால், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது போல் இருக்கும். கேட்பது போலவும் இல்லை, உத்தரவும் இல்லை. அதேபோல, கண்டெய்னரில் குளிர்சாதனம் நின்றுவிட்டது என்றால் அங்கே 'வுட் இட் பி பாசிபிள்' தேவையில்லை. 'ப்ளீஸ் செக் தி கண்டெய்னர் நௌ' என்று நேராக எழுத வேண்டும். வீடு பற்றி எரிகிறபோது யாரும், 'தண்ணி ஊத்தினா நல்லா இருக்குங்க' என்று சொல்லிக்கொண்டு நிற்பதில்லை.

அந்த மேலாளருக்கு அடுத்த மாதமே வேறொரு காரியத்துக்காக எழுத வேண்டி வந்தது. 'குட் யூ' என்று கேட்டு, 'வீ வில்' என்று முடித்தேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ஒரே சொல். 'டன்.'