ஸ்டாரும் ஹேஷும் வந்தால் அது போன் நம்பர் அல்ல

(தோட்டப் பிரிவுக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

மலையில் வேலை முடித்து, கொழுந்து நிறுத்துப் போட்டு, வீட்டு வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே இன்றைக்கு ஒரே விஷயத்தைத்தான் பேசப் போகிறோம். லயத்துக்கு லயம் இப்போது கைப்போன் இருக்கிறது. அதிலே நாங்கள் அமுக்குகிற இலக்கங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று சாதாரண போன் நம்பர். மற்றது ஸ்டாரில் தொடங்கி ஹேஷில் முடிகிற குறியீடு. பார்க்க இரண்டும் இலக்கம் மாதிரியே இருக்கும். ஆனால் செய்கிற வேலை வேறு. அந்த வித்தியாசம் தெரியாத இடத்திலேதான் ஏமாற்றுக்காரன் நுழைகிறான்.

முதலில் போன் நம்பரைப் பார்ப்போம். பூச்சியத்தோடு சேர்த்துப் பத்து இலக்கம். 051 என்று தொடங்கினால் ஹட்டன் பக்கம், 052 என்றால் நுவரெலியா, 055 என்றால் பதுளை. 07 என்று தொடங்கினால் கைப்போன். ஆகவே நம்பர் என்பது ஒரு விலாசம். கடிதத்திலே தோட்டத்தின் பேர், பிரிவு, லயம் என்று எழுதுகிறோமே, அதே மாதிரி. அமுக்கினால் அந்த விலாசத்தில் இருக்கிற போன் மணியடிக்கும். ஒரு ஆள் எடுப்பார். 119க்கு எடுத்தால் பொலிஸ் பேசும். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் சேவை பேசும். அவை சின்ன நம்பர்தான், ஆனாலும் விலாசம்தான்.

குறியீடு அப்படியில்லை. அதை அமுக்கினால் எங்கேயும் மணி அடிக்காது. யாரும் "ஹலோ" சொல்ல மாட்டார்கள். ஆபீஸ் ஜன்னலிலே நாங்கள் ஒரு துண்டு எழுதிக் கொடுக்கிறோமே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி கிளாக்கர் செக்ரோலில் பதிவார். குறியீடும் ஒரு துண்டுதான். அது உங்கள் சிம் கம்பனியின் கம்பியூட்டருக்குப் போகிறது. கம்பியூட்டர் அதன்படி செய்துவிட்டு, திரையில் ஒரு பதில் காட்டுகிறது. கிளாக்கர் ஐயாவாக இருந்தால் "ஏம்மா, யோசித்துத்தான் எழுதினாயா?" என்று கேட்பார். கம்பியூட்டர் கேட்காது.

துண்டு என்று போன் எப்படிக் கண்டுகொள்கிறது? கடைசியில் வருகிற ஹேஷை வைத்துத்தான். ஹேஷில் முடிந்தால், இது பேசுகிற அழைப்பு இல்லை, கட்டளை என்று போன் தெரிந்துகொள்ளும். அந்த ஹேஷை விட்டுவிட்டால் போன் அதை நம்பர் என்று நினைத்து எடுக்கப் பார்க்கும், வேலை நடக்காது. தொடக்கத்தை விட முடிவுதான் முக்கியம். டயலொக் சிம்மில் மிச்சக் காசு பார்க்கிற குறியீடு ஹேஷிலேயே தொடங்குகிறது:

```
#456#
```

மொபிட்டலில் அதே வேலைக்கு ஸ்டாரில் தொடங்குகிற வேறு குறியீடு:

```
*100#
```

ஒரு கம்பனியின் மெனுக் குறியீட்டை இன்னொரு கம்பனியின் சிம்மில் அமுக்கினால் அதே பதில் வராது. போன் நம்பரோ எந்தச் சிம்மிலிருந்து எடுத்தாலும் அதே ஆளிடம்தான் போகும். இதுவும் ஒரு வித்தியாசம்.

இந்தக் குறியீட்டுக்கு டேட்டா தேவையில்லை. பட்டன் போனிலும் வேலை செய்யும். ஆனால் சிக்னல் வேண்டும். எங்கள் மலைப் பக்கத்தில் சிக்னல் விட்டு விட்டு வருகிறபடியால், சில போன்களில் இப்படி ஒரு வாசகம் வரும்:

```
Connection problem or invalid MMI code
```

சிக்னல் இல்லை, அல்லது இந்தக் குறியீட்டை ஏற்க முடியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். போன் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். சிக்னல் உள்ள இடத்துக்குப் போய்த் திரும்ப அமுக்கலாம். ஆனால் காசு அனுப்புகிற மெனுவிலே நடுவில் அறுந்து போனால், உடனே இரண்டாம் தரம் அனுப்பாதீர்கள். முதலில் மிச்சத்தைப் பாருங்கள். திரையில் வந்த பதில் மறைந்த பிறகு, மெசேஜ் பெட்டியில் தேடினாலும் கிடைக்காது. தனியாக மெசேஜ் வந்தால்தான் அது இருக்கும்.

எல்லாத் துண்டும் கம்பனிக்குப் போகிறது என்றும் இல்லை. சிலதைப் போனே வைத்துக்கொண்டு தானே பதில் சொல்லும். இதை இப்போதே அமுக்கிப் பாருங்கள்:

```
*#06#
```

பச்சைப் பட்டனை அமுக்க முன்னமே பதினைந்து இலக்கம் திரையில் வரும். சிம் இல்லாவிட்டாலும் வரும், சிக்னல் இல்லாவிட்டாலும் வரும். அது அந்தப் போனின் அடையாள இலக்கம். ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். போன் களவு போனால் பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது கேட்பார்கள்.

இனி ஆபத்தான பக்கத்துக்கு வருவோம். ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். மேற்பிரிவில் ஒரு அக்கா. மகன் கொழும்பிலே கடையில் வேலை. ஒரு நாள் மத்தியானம் ஒரு அழைப்பு வருகிறது. "அம்மா, உங்கள் பேருக்குப் பார்சல் வந்திருக்கிறது. கொண்டு வருகிற பையனின் நம்பர் தருகிறேன், அடித்துப் பேசுங்கள்" என்கிறான் ஒருவன். அவன் சொன்னது இந்த மாதிரி:

```
**21*07XXXXXXXX#
```

அக்கா நடுவிலே 07 என்று வருவதைக் கண்டு, போன் நம்பர்தான் என்று அமுக்குகிறார். யாரும் பேசவில்லை. திரையில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து வந்து மறைகிறது. "லைன் கிடைக்கவில்லை" என்று போனை வைத்துவிட்டு மலைக்குப் போய்விடுகிறார்.

நடந்தது என்ன? அந்தத் துண்டைப் பிரித்து வாசிப்போம். முன்னால் இரண்டு ஸ்டார் வந்தால் "பதிந்து வை" என்று அர்த்தம். 21 என்றால் "எனக்கு வருகிற எல்லா அழைப்பையும் வேறு இடத்துக்குத் திருப்பு". நடுவில் வருகிற ஸ்டார், ஒன்றையும் அடுத்ததையும் பிரிக்கிற கோடு மாதிரி. அதற்குப் பின்னால் உள்ளது எங்கே திருப்புவது என்கிற நம்பர். கடைசி ஹேஷ் "முடிந்தது, அனுப்பு". ஆக, "எனக்கு வருகிற அழைப்பை எல்லாம் இவனுக்குக் கொடு" என்று அக்காவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அடுத்தது, அவன் தன்னுடைய போனில் அக்காவின் நம்பருக்கு வட்ஸ்அப் திறக்கப் பார்க்கிறான். ஆறு இலக்க இரகசிய இலக்கம் மெசேஜில் அக்காவுக்குத்தான் வரும். குறியீடு அழைப்பை மட்டும்தான் திருப்பும், மெசேஜைத் திருப்பாது. ஆனால் வட்ஸ்அப்பில் "அழைத்துச் சொல்லுங்கள்" என்று கேட்கவும் வழி இருக்கிறது. அந்த அழைப்பு அவனிடம் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு அக்காவின் பேரில் மகனுக்கு மெசேஜ் போகும்: "தம்பி, அவசரம், காசு அனுப்பு." மகன் அம்மாவுக்கு எடுத்துக் கேட்டால்? அந்த அழைப்பும் திருடனிடமே போகும்.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அக்கா வெளியே எடுத்தால் அழைப்பு போகும். ஆனால் ஒரு அழைப்பும் உள்ளே வராது. "உனக்கு எடுத்தேன், வேறு ஆள் பேசினான்" என்று சொந்தக்காரர் சொல்வார்கள். உடனே பக்கத்து வீட்டுப் போனிலிருந்து உங்கள் நம்பருக்கு எடுத்துப் பாருங்கள். உங்கள் கையில் உள்ள போன் மணியடிக்காமல், வேறு எங்கோ மணி போனால் சந்தேகப்படலாம். பிறகு இதை அமுக்குங்கள்:

```
*#21#
```

முன்னால் ஸ்டாரும் ஹேஷும் சேர்ந்து வந்தால் "எப்படி இருக்கிறது என்று காட்டு" என்று அர்த்தம். ஒன்றும் மாறாது, பார்க்க மட்டும்தான். பல போன்களில் `Not forwarded` என்று வந்தால் திருப்பவில்லை. தெரியாத ஒரு நம்பர் வந்தால் திருப்பியிருக்கிறது. முதல் பூச்சியத்துக்குப் பதிலாக +94 என்று காட்டலாம், குழம்ப வேண்டாம். அழிக்கிறதுக்கு முன்னால் இரண்டு ஹேஷ்:

```
##21#
```

அழித்த பிறகு திரும்பவும் "காட்டு" குறியீட்டை அமுக்கி உறுதி செய்யுங்கள்.

ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். இந்தத் திருப்பல் உங்கள் போனுக்குள் பதிவதில்லை. கம்பனியின் பதிவிலே, உங்கள் நம்பருக்கு நேரே பதிகிறது. செக்ரோல் ஆபீஸில் இருக்கிற மாதிரி. அதனால் போனை அணைத்துப் போட்டாலும், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும், புதுப் போன் வாங்கினாலும் திருப்பல் அப்படியே இருக்கும். அழிக்கிற துண்டு கொடுத்தால்தான் போகும். குறியீடு வேலை செய்யாவிட்டால் கம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து அழிக்கச் சொல்லுங்கள்.

திருப்பலை அழித்துவிட்டு, வட்ஸ்அப்பை உங்கள் போனில் திரும்பவும் உங்கள் நம்பரில் பதியுங்கள். மெசேஜில் வருகிற ஆறு இலக்கத்தைப் போட்டவுடனே அவனுடைய போனில் வட்ஸ்அப் நின்றுவிடும். அவன் தன்னுடைய பின் இலக்கம் ஒன்றைப் பூட்டியிருந்தால் நீங்கள் ஏழு நாள் பொறுக்க வேண்டி வரும். ஆனாலும் அவனால் அதைப் பாவிக்க முடியாது. அதுவரை சொந்தக்காரருக்கெல்லாம் குரலிலே சொல்லி வையுங்கள்.

இளைஞர்கள் சிலர் இன்னொரு குறியீட்டைக் காட்டி "அண்ணே, என் போனை யாரோ ஒட்டுக் கேட்கிறாங்க" என்று பயப்படுகிறார்கள்:

```
*#62#
```

இது போன் அணைந்திருக்கும்போது அல்லது சிக்னல் இல்லாதபோது அழைப்பு எங்கே போகிறது என்று காட்டும். இதிலே ஒரு நம்பர் வந்தால் அநேகமாக அது கம்பனியின் சொந்த நம்பர்தான். நீங்கள் தவறவிட்ட அழைப்பை மெசேஜில் சொல்கிற சேவைக்கும், குரல் அஞ்சலுக்கும் அப்படி வைத்திருப்பார்கள். அது ஒட்டுக் கேட்பது அல்ல. எல்லாத் திருப்பலையும் ஒரேயடியாக அழிக்கிற குறியீடும் உண்டு:

```
##002#
```

அதைச் சும்மா அமுக்க வேண்டாம். அந்தச் சேவையும் சேர்ந்து நின்று போகலாம். 21ஐ மட்டும் அழித்துப் பார்த்து, அதிலும் சரிவராவிட்டால் இதை அமுக்கலாம்.

ஆகவே, யாராவது "இந்த நம்பரை அடியுங்கள்" என்று சொன்னால், அமுக்க முன் எழுதிப் பாருங்கள். ஸ்டாரோ ஹேஷோ இருந்தால் அது நம்பர் இல்லை, கட்டளை. அதன் நடுவிலே 07 என்று ஒரு போன் நம்பரும் இருந்தால், சொன்னவரிடம் "எதற்காக?" என்று கேட்டுவிட்டு, அமுக்காமல் வையுங்கள். உண்மையாகப் பார்சல் கொண்டு வருகிறவனுக்குப் பத்து இலக்க நம்பர் இருக்கும். அதைக் கேளுங்கள்.

வாசிக்கச் சிரமப்படுகிற பெரியவர்கள் யாராவது போனோடு வந்தால், நாங்கள் கூடவே இருந்து 21ஐப் பார்த்துச் சொல்கிறோம். இப்போது போன் உள்ளவர்கள் எல்லோரும் கையில் எடுங்கள், ஒன்றாக அமுக்கிப் பார்ப்போம்.